மருந்து ஏற்பியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது? பிரிகை மாறிலியும் பிணைப்பு வளைகோடும்

ப்ரோப்ரனோலால், அடினோலால் என்ற இரண்டு மாத்திரைகளும் பல காலமாகப் புழக்கத்தில் இருப்பவை. அட்ரினலின் வந்து அமரும் பீட்டா ஏற்பிகளில் இவை இடம்பிடித்துக்கொண்டு, அட்ரினலினின் வேலையைத் தடுக்கின்றன. இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1 ஏற்பிகள். மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 ஏற்பிகள். பீட்டா-2 ஏற்பியிடம் இந்த இரண்டு மருந்துகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளந்தால், ப்ரோப்ரனோலாலுக்கு ஏறத்தாழ 1 நானோமோலார், அடினோலாலுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோமோலார் என்று பிரிகை மாறிலி கிடைக்கும். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். சின்ன எண் உள்ள ப்ரோப்ரனோலால்தான் ஏற்பியை இறுகப் பிடிக்கிறது.

இந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எப்போது நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சமநிலையில் நடப்பது

மருந்து மூலக்கூறு ஏற்பியில் ஒருமுறை ஒட்டியதும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. பெரும்பாலான மருந்துகள் ஒட்டும், சிறிது நேரம் இருக்கும், விலகும். பிறகு அதுவோ வேறொரு மூலக்கூறோ மறுபடி ஒட்டும். ஒட்டும் வேகம் இரண்டைப் பொறுத்தது: சுற்றிலும் எவ்வளவு மருந்து மிதக்கிறது, எத்தனை ஏற்பிகள் காலியாக இருக்கின்றன. விலகும் வேகமோ ஒட்டியிருக்கும் எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது. போதிய நேரம் விட்டால், நொடிக்கு எத்தனை ஒட்டுகின்றனவோ அத்தனை விலகும் நிலை வந்துவிடும். அதுவே சமநிலை.

அந்த நிலையில் மருந்தை L என்றும், காலி ஏற்பியை R என்றும், இரண்டும் சேர்ந்ததை RL என்றும், ஒட்டும் மாறிலியை kon என்றும், விலகும் மாறிலியை koff என்றும், பிரிகை மாறிலியை Kd என்றும் குறிப்போம். சதுர அடைப்புக்குறி செறிவைக் காட்டும்:

```
Kd = [R] × [L] / [RL] = koff / kon

பிடிபட்ட பங்கு = [L] / ([L] + Kd)
```

இரண்டாவது வரியில் [L] இருக்கும் இடத்தில் Kd-யையே போட்டுப் பாருங்கள். விடை பாதி. ஆக, பிரிகை மாறிலி என்பது ஒரு செறிவு: ஏற்பிகளில் சரிபாதியை நிரப்பத் தேவையான, ஒட்டாமல் தனியே மிதக்கும் மருந்தின் செறிவு. ப்ரோப்ரனோலாலின் மூலக்கூறு எடை 259. எனவே 1 நானோமோலார் என்றால் ஒரு லிட்டருக்கு கால் மைக்ரோகிராம் அளவுதான். அவ்வளவு சொற்பமாக இருந்தும் பீட்டா-2 ஏற்பிகளில் பாதியைப் பிடித்துவிடுகிறது என்பதால்தான் அதன் நாட்டம் அதிகம் என்கிறோம். நாட்டம் கூடக்கூட இந்த எண் குறையும். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது.

‘தனியே மிதக்கும்’ என்ற சொற்களைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. சமன்பாட்டில் உள்ள [L], நீங்கள் குழாயில் ஊற்றிய மொத்த மருந்து அல்ல. ஏற்பியில் ஒட்டியது போக மீதி இருப்பது. இரண்டும் ஒன்றாக இருக்கும்படி சோதனையை அமைக்கலாம். அமைக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வளைகோட்டைப் படிப்பது

பிரிகை மாறிலி 1 நானோமோலார் உள்ள மருந்தின் செறிவைப் படிப்படியாகக் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 0.1 நானோமோலாரில் ஏற்பிகளில் 9 சதவீதம் நிரம்பும். 0.3-இல் 23, 1-இல் 50, 3-இல் 75, 10-இல் 91, 30-இல் 97 சதவீதம். முதலில் மளமளவென்று ஏறுகிறது. பிறகு எவ்வளவு கொட்டினாலும் மெல்லத்தான் நகர்கிறது. காலி ஏற்பிகள் குறைந்துகொண்டே வருவதுதான் காரணம்.

செறிவைச் சாதாரண அளவுகோலில் கிடை அச்சில் வைத்து வரைந்தால், ஏறி மட்டமாகும் வளைவு வரும். மடக்கை அளவுகோலில் வைத்தால் அதே எண்கள் S வடிவம் பெறும். S வடிவத்தில் நடுப்புள்ளி கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அப்படி வரைவது நல்லது. அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே வகை ஏற்பியில், ஒன்றுக்கொன்று தலையிடாத இடங்களில் மருந்து ஒட்டினால், 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் போகச் செறிவை 81 மடங்கு கூட்ட வேண்டும். மருந்து எதுவானாலும் இந்த 81 மாறாது. உங்கள் வளைகோடு இதைவிடப் படுத்துக்கிடந்தாலோ, செங்குத்தாக நின்றாலோ, அந்த எளிய சமன்பாட்டுக்குள் அடங்காத ஏதோ ஒன்று குழாயில் நடக்கிறது என்று பொருள்.

வளைகோட்டின் உச்சி வேறொரு செய்தி. அது Bmax, அதாவது மாதிரியில் மொத்தம் எத்தனை ஏற்பிகள் இருக்கின்றன என்பது. நடுப்புள்ளி கிடை அச்சில் எங்கே விழுகிறது என்பதுதான் நாட்டம். ஏற்பிகளை இரட்டிப்பாக்கினால் உச்சி இரட்டிப்பாகும், நடுப்புள்ளி நகரக் கூடாது. உச்சியை எட்டாமலே சோதனையை நிறுத்திவிட்டால் எது பாதி என்றே தெரியாது. ஆகவே, செறிவுகள் எதிர்பார்க்கும் பிரிகை மாறிலியின் பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, குறைந்தது பத்து மடங்கு வரை போக வேண்டும்.

உண்மையில் எப்படி அளக்கிறார்கள்

ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் ஆய்வகம் 1970-களில் பீட்டா ஏற்பியைத் தேடிப்போனபோது கைக்கொண்டது, டிரிட்டியம் ஏற்றிய அல்ப்ரினோலால் போன்ற கதிரியக்க மருந்துகளை. ஏற்பி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைப் பிடித்த மருந்து கதிர் வீசினால் எண்ணிவிடலாம். (அந்த ஏற்பிக் குடும்பத்தின் ஆய்வுக்காக அவருக்கும் பிரையன் கோபில்காவுக்கும் 2012-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.) இன்றும் அடிப்படை முறை மாறவில்லை. டிரிட்டியம் ஏற்றிய டைஹைட்ரோஅல்ப்ரினோலாலை வைத்து ஒரு சோதனையைப் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக, பீட்டா-2 ஏற்பிக்கு அதன் பிரிகை மாறிலி 1 நானோமோலார் என்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற எண்களும் எடுத்துக்காட்டுக்காகவே.

ஏற்பிகள் பதிந்திருக்கும் செல் சவ்வுகளை அரைத்துப் பிரித்து, மெக்னீசியம் சேர்த்த தாங்கல் கரைசலில் கலக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் 0.1 மில்லிகிராம் சவ்வுப் புரதம், மொத்தக் கொள்ளளவு 0.5 மில்லிலிட்டர். அதில் கதிரியக்க மருந்தை 0.1 முதல் 10 நானோமோலார் வரை எட்டுப் பத்துச் செறிவுகளில் சேர்க்கிறோம். 25 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, கண்ணாடி இழை வடிதாள் வழியே வெற்றிடத்தால் உறிஞ்சி, பனிக்குளிர்ச்சியான தாங்கல் கரைசலால் சட்டென்று மூன்று முறை கழுவுகிறோம். சவ்வும் அதில் ஒட்டிய மருந்தும் தாளில் நிற்கும். மிதக்கும் மருந்து போய்விடும். தாளை ஒளிரும் திரவத்தில் ஊறவைத்துக் கதிர்களை எண்ணுகிறோம்.

தாளில் நின்றதெல்லாம் ஏற்பியில் ஒட்டியது அல்ல. இந்த மருந்து கொழுப்பில் எளிதில் கரையும். எனவே சவ்வின் கொழுப்பிலும் வடிதாளிலும்கூடப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் இணையாக இன்னொரு குழாய் வேண்டும். அதில் கதிர்வீசாத ப்ரோப்ரனோலாலை 1 மைக்ரோமோலார், அதாவது அதன் பிரிகை மாறிலியைப் போல ஆயிரம் மடங்கு சேர்த்துவிடுவார்கள். அந்தக் குழாயில் ஏற்பிகள் அனைத்தையும் கிட்டத்தட்ட ப்ரோப்ரனோலாலே பிடித்துக்கொள்ளும். எஞ்சும் கதிர் எண்ணிக்கை, ஏற்பிக்குத் தொடர்பில்லாத ஒட்டல். அதை மொத்தத்திலிருந்து கழித்தால் ஏற்பியின் பங்கு மிஞ்சும்.

எண்களில் பார்க்கலாம். 1 மில்லிமோலுக்கு 100 கியூரி வீரியமுள்ள மருந்தில், 1 ஃபெம்டோமோல் நிமிடத்துக்கு 222 சிதைவுகளைத் தரும். மருந்து 1 நானோமோலார் உள்ள குழாயில் மொத்தம் 1,510 சிதைவுகளும், ப்ரோப்ரனோலால் சேர்த்த இணைக் குழாயில் 400 சிதைவுகளும் வந்தால், வித்தியாசம் 1,110. அது 5 ஃபெம்டோமோல். வளைகோட்டின் உச்சி 10 ஃபெம்டோமோலில் மட்டமாகிறது என்றால், இந்தக் குழாயில் பாதி ஏற்பிகள் நிரம்பியிருக்கின்றன. பிரிகை மாறிலி 1 நானோமோலார்.

ஏற்பிக்குத் தொடர்பில்லாத ஒட்டல் செறிவோடு நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும், மட்டமாகாது. அது மட்டமானால், நீங்கள் கழிப்பதில் ஏற்பியும் சேர்ந்து போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். நீங்கள் அளப்பது பீட்டா ஏற்பிதானா என்பதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு: ப்ரோப்ரனோலாலின் இடஞ்சுழி வடிவத்தையும் வலஞ்சுழி வடிவத்தையும் தனித்தனியே சேர்த்துப் பார்ப்பது. இரண்டும் கொழுப்பில் ஒரே மாதிரி கரையும். ஆனால் ஏற்பியை இடஞ்சுழி வடிவம் ஏறத்தாழ நூறு மடங்கு இறுகப் பிடிக்கும். உங்கள் குழாயில் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால், எண்ணுவது ஏற்பியை அல்ல.

நேரம் போதாவிட்டால்

மேலே ஒரு மணி நேரம் என்று சொன்னது வழக்கத்துக்காக அல்ல. சமநிலையை எட்டும் வேகம் ஒட்டும் வேகத்தையும் விலகும் வேகத்தையும் கூட்டியது. செறிவு மிகக் குறைவாக உள்ள குழாயில் ஒட்டுவது மந்தமாக இருப்பதால், விலகும் வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மற்ற குழாய்கள் சமநிலையை எட்டிய பிறகும் அந்தக் குழாய் பின்தங்கி நிற்கும்.

ஒட்டும் மாறிலி நொடிக்கு, ஒரு மோலாருக்கு 10 லட்சம் என்று வைப்போம்; மருந்துகளுக்கு இது இயல்பான அளவே. பிரிகை மாறிலி 1 நானோமோலார் என்றால் விலகும் மாறிலி நொடிக்கு 0.001. ஒட்டியவற்றில் பாதி விலக ஏறக்குறைய பதினொன்றரை நிமிடம் ஆகும். அதைப் போல ஐந்து மடங்கு நேரம் விட்டால் சமநிலையின் 97 சதவீதத்தை எட்டிவிடலாம். அதுதான் அந்த ஒரு மணி நேரம்.

இதே ஒட்டும் வேகத்தோடு, பிரிகை மாறிலி 10 பிக்கோமோலார் உள்ள மருந்து வந்தால்? விலகும் அரைநேரம் 19 மணியைத் தாண்டும். சமநிலைக்கு நான்கு நாள் வேண்டும். அதையும் ஒரு மணி நேரத்தில் வடிகட்டிவிட்டால், குறைந்த செறிவுள்ள குழாய்கள் நிரம்பாமலே நிற்கும். நடுப்புள்ளி வலப்பக்கம் தள்ளிப்போகும். மருந்து உண்மையைவிடப் பலவீனமாகத் தெரியும். வளைகோடு பார்வைக்கு அழகாகவே இருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து. கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: இதே சோதனையை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு நேரம் வைத்துச் செய்ய வேண்டும். நடுப்புள்ளி இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போனால் முதல் அளவு தவறு. எடுத்த எடுப்பிலேயே குறைந்த செறிவுள்ள குழாயில் இதைச் செய்துவிடுவது நல்லது.

பலவீனமான மருந்துக்குத் தலைகீழான சிக்கல். பிரிகை மாறிலி 100 நானோமோலார் என்றால், அதே கணக்கில் விலகும் அரைநேரம் 7 நொடி. வடிகட்டிக் கழுவ 15 நொடி ஆனால் ஒட்டியதில் முக்கால் பங்கு கழுவலோடு போய்விடும். கரைசலைப் பனிக்குளிர்ச்சியாக வைப்பது விலகலை மந்தமாக்கத்தான். ஆனாலும் அதற்கும் எல்லை உண்டு. அடினோலாலுக்கோ கணக்குப்படி ஒரு நொடிகூட இல்லை. கதிரியக்க அடினோலாலைச் செய்து வைத்துக்கொண்டாலும் இந்த முறையில் அதை நேரடியாக அளக்க முடியாது.

ஏற்பி அதிகமாகிவிட்டால்

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. மேலே உள்ள குழாயில் 10 ஃபெம்டோமோல் ஏற்பி 0.5 மில்லிலிட்டரில் இருக்கிறது, அதாவது 0.02 நானோமோலார். பிரிகை மாறிலியில் ஐம்பதில் ஒரு பங்கு. எனவே ஏற்பி பிடித்தது போக மிஞ்சும் மருந்தும், ஊற்றிய மருந்தும் கிட்டத்தட்ட ஒன்றே. நடுப்புள்ளியில் ஊற்றியது 500 ஃபெம்டோமோல், ஒட்டியது 5. வெறும் 1 சதவீதம்.

இப்போது திசுச் சவ்வை விட்டுவிட்டு, ஏற்பி மரபணுவைச் செலுத்தி வளர்த்த செல்களை எடுக்கிறோம். அவற்றில் ஏற்பி ஏராளம்: ஒரு மில்லிகிராம் புரதத்தில் 50 பிக்கோமோல் என்று வைப்போம். பழைய பழக்கத்தில் அதே 0.1 மில்லிகிராமைப் போட்டால், குழாயில் ஏற்பியின் செறிவு 10 நானோமோலார் ஆகிவிடும். பாதி ஏற்பிகள் நிரம்ப 5 நானோமோலார் மருந்து ஒட்ட வேண்டும். அதோடு 1 நானோமோலார் தனியே மிதக்க வேண்டும். ஆக மொத்தம் 6 நானோமோலார் ஊற்றினால்தான் நடுப்புள்ளி வரும்.

```
பாதி நிரம்ப ஊற்ற வேண்டிய மொத்தச் செறிவு = Kd + (ஏற்பியின் மொத்தச் செறிவு / 2)
```

மருந்து மாறவில்லை, ஏற்பி மாறவில்லை. ஆனாலும் ஊற்றிய செறிவை வைத்து வரைந்தவருக்கு நாட்டம் ஆறில் ஒன்றாகக் குறைந்து தெரியும். இன்னும் மோசம், 0.1 நானோமோலார் நாட்டமுள்ள இன்னொரு மருந்தை அளந்தால் 5.1 கிடைக்கும். பத்து மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு மருந்துகள் 6 என்றும் 5.1 என்றும் அருகருகே நிற்கும். அந்தச் சோதனை நாட்டத்தை அளக்கவே இல்லை; ஏற்பிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இதை அறிய ஏற்பியின் அளவை நான்கில் ஒன்றாகக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும். நடுப்புள்ளி நகராவிட்டால் அளவு சரி. நகர்ந்தால் ஏற்பி இன்னும் அதிகம்தான். எந்தக் குழாயிலும் ஊற்றிய மருந்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஒட்டக் கூடாது என்பது ஆய்வகங்களில் சொல்லும் விதி. அதை மீறவே வேண்டியிருந்தால், ஒட்டியதைக் கழித்து மிதக்கும் செறிவைக் கணக்கிட்டு அதை வைத்தே வரைய வேண்டும். அல்லது அதே ஏற்பியைப் பெரிய கொள்ளளவில் நீர்க்கச் செய்யலாம்.

கதிர்வீசாத மருந்துக்கு என்ன வழி

அடினோலாலைப் போட்டியில் இறக்கி அளக்கலாம். கதிரியக்க மருந்தை 1 நானோமோலாரில் நிறுத்திவைத்து, அடினோலாலைப் படிப்படியாகக் கூட்டினால், அது ஏற்பிகளைப் பிடிக்கப்பிடிக்கக் கதிர் எண்ணிக்கை இறங்கும். பாதியாக இறங்கும் செறிவு IC50. அடினோலால் வேகமாக விலகுவது இங்கே தடை இல்லை, ஏனென்றால் எண்ணப்படுவது மெதுவாக விலகும் கதிரியக்க மருந்து.

ஆனால் IC50 பிரிகை மாறிலி அல்ல. எதிராளி எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப அது மாறும். செங், ப்ரூசாஃப் இருவரும் 1973-இல் தந்த திருத்தம் இது. இதில் Ki என்பது போட்டியில் இறக்கிய மருந்தின் பிரிகை மாறிலி; [L], Kd இரண்டும் கதிரியக்க மருந்துடையவை:

```
Ki = IC50 / (1 + [L] / Kd)
```

கதிரியக்க மருந்து 1 நானோமோலார், அதன் பிரிகை மாறிலியும் 1 என்றால், அடினோலாலின் IC50 2 மைக்ரோமோலாராக வரும். இரண்டால் வகுத்தால் 1. இன்னொரு ஆய்வகம் கதிரியக்க மருந்தை 4 நானோமோலாரில் வைத்தால் அவர்களுக்கு IC50 5 மைக்ரோமோலார். ஐந்தால் வகுத்தால் அதே 1. எனவே கட்டுரைகளில் IC50 மட்டும் கொடுத்து, கதிரியக்க மருந்தின் செறிவைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த எண்ணை மற்றொரு கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

ப்ரோப்ரனோலால், அடினோலால் போன்ற தடுப்பான்களுக்கு இந்த வளைகோடு ஒழுங்காக 81 மடங்கில் இறங்கும். ஏற்பியைத் தூண்டும் ஐசோப்ரினலினை வைத்தால் அதைவிடச் சாய்வாக இறங்குவதைப் பார்க்கலாம். சவ்வில் உள்ள ஏற்பிகளில் ஒரு பகுதி, ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதத்தோடு சேர்ந்திருக்கும். அவை தூண்டியை இறுகப் பிடிக்கும். மற்றவை தளர்வாகப் பிடிக்கும். இரண்டு நாட்டங்கள் ஒரே வளைகோட்டில் கலந்துவிடுகின்றன. குழாயில் GTP என்ற மூலக்கூறைச் சேர்த்தால் ஜி-புரதம் விலகி, வளைகோடு வலப்பக்கம் நகர்ந்து செங்குத்தாகும். படுத்த வளைகோட்டை ஒரே எண்ணால் விளக்கிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அந்த எண்ணை உடலுக்குக் கொண்டுபோனால்

ப்ரோப்ரனோலால் எடுத்துக்கொள்பவரின் பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் இருக்கிறது என்று கொள்வோம். அது 193 நானோமோலார். ஆனால் அதில் ஏறத்தாழ 90 சதவீதம் இரத்தப் புரதங்களோடு ஒட்டியிருக்கும். ஏற்பியை அடையக்கூடியது மிதக்கும் 19 நானோமோலார் மட்டுமே. பிரிகை மாறிலி 1 என்பதால், பீட்டா-2 ஏற்பிகளில் 95 சதவீதம் பிடிபடும். மருந்தின் அளவு நான்கு முறை பாதியாகக் குறைந்த பின்னும் 1.2 நானோமோலார் மிதக்கும். ஏற்பிகளில் 55 சதவீதம் அப்போதும் பிடியில் இருக்கும். இரத்தத்தில் மருந்து பதினாறில் ஒரு பங்காகியும் தடுப்பு பாதிக்கு மேல் நிற்பதற்குக் காரணம், வளைகோட்டின் மட்டமான பகுதியில் தொடங்கியதே.

இந்தக் கணக்கு, ஏற்பியருகே வேறு போட்டியாளர் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்டது. ஓடும்போதோ பயப்படும்போதோ அட்ரினலின் பெருகினால் அதே போட்டிச் சமன்பாடு உடலுக்குள்ளும் நடக்கும். ப்ரோப்ரனோலாலின் பங்கு அதற்கேற்பக் குறையும். அடினோலாலுக்கு பீட்டா-1-இல் பிரிகை மாறிலி ஏறத்தாழ 0.2 மைக்ரோமோலார், பீட்டா-2-இல் 1. வித்தியாசம் ஐந்து மடங்குதான். மிதக்கும் செறிவு 0.2 மைக்ரோமோலாராக இருக்கும்போது பீட்டா-1-இல் 50 சதவீதமும் பீட்டா-2-இல் 17 சதவீதமும் பிடிபடும். 1 மைக்ரோமோலாருக்கு ஏறினால் 83-உம் 50-உம் ஆகும். இதயத்துக்கென்று தெரிந்தெடுத்த மருந்தாயினும் ஆஸ்துமா உள்ளவருக்கு அடினோலாலைத் தர மருத்துவர்கள் தயங்குவது இந்தக் குறுகிய இடைவெளியால்தான்.